தோளில் தொங்கிய ஆறரைக் கிலோ

ஆவரங்காலில் பஸ்ஸால் இறங்கி, வீட்டுக்கு வந்து சாறி மாற்றும்போதுதான் அந்தத் தடத்தைக் கண்டேன். இடது தோளில், கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே, ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்த பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் சாறித் தலைப்பைப் பிடித்திருந்த ஊசியின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. வலி அதற்கு முன்பே சில மாதங்களாக இருந்தது. இரவில் இடப்பக்கம் சரிந்து படுக்க முடியாது. காலையில் கழுத்தைத் திருப்பினால் தோள்பட்டை எலும்பு வரை இழுக்கும். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கரும்பலகைக்குக் கை தூக்கித் தூக்கி வந்த வலி என்றே நினைத்திருந்தேன். பாக்கை நான் சந்தேகப்படவே இல்லை.

நான் யாழ்ப்பாண நகரத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். போக முக்கால் மணித்தியாலம், வர முக்கால் மணித்தியாலம், அநேகமான நாட்களில் ஒரு வழியாவது நின்றுகொண்டுதான் பயணம். கொப்பி திருத்துவது வீட்டில். அதனால் என் பாக் ஒரு சின்னச் சுமைதாங்கி மாதிரி. கொப்பி, சாப்பாடு, தண்ணீர், குடை எல்லாம் அதற்குள்தான். எல்லாம் ஒரே பாக்கில் அடங்க வேண்டும் என்றுதான் தேடித் தேடிப் பெரியதாக வாங்கினேன். நாற்பது சென்ரிமீற்றர் அகலம், தடித்த ரெக்சின், பித்தளை நிற வளையங்கள், கயிறு போல உருட்டித் தைத்த இரண்டு பட்டிகள். பார்க்க நல்ல வடிவு.

கழுத்து வலிக்காகப் போன இடத்தில் இயன்மருத்துவர் என்னைப் படுக்க வைத்து அமத்திப் பார்த்துவிட்டு, "ரீச்சர், பள்ளிக்கூடத்துக்குப் போற மாதிரி அந்த பாக்கைக் கொழுவிக்கொண்டு கொஞ்சம் நடவுங்கோ" என்றார். நடந்தேன். பின்னால் நின்று என் கைப்பேசியிலேயே வீடியோ எடுத்துக் காட்டினார். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. இடது தோள் காதை நோக்கி ஒரு அங்குலமாவது உயர்ந்திருந்தது. உடம்பு வலப்பக்கம் சரிந்திருந்தது. இடது கை ஆடவேயில்லை, பாக்கை விலாவோடு அமத்திப் பிடித்திருந்தது. "நீங்கள் பாரத்தைத் தூக்கேல்ல. பட்டி வழுக்கி விழாமல் இருக்கத் தோளைத் தூக்கிக்கொண்டு திரியிறீங்கள். பாக்கைக் கழட்டி வைக்கும்வரை அந்தத் தசைக்கு ஓய்வே இல்லை" என்றார்.

அந்தத் தசை கழுத்தின் பின்பக்கத்திலிருந்து தோள்முனை வரையும், கீழே நடு முதுகு வரையும் விரிந்திருக்கும். ட்ரபீசியஸ் என்று பெயர். தோளை மேலே தூக்குவது அதன் மேற்பகுதியின் வேலை. அஞ்சு நிமிடம் தூக்கினால் ஒன்றும் செய்யாது. ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம், வருடக்கணக்காகத் தூக்கியபடியே இருந்தால் அது இறுகிக் கட்டியாகிவிடும். என் தோளில் விரலை வைத்து அமத்தினால் கோலிக்குண்டு மாதிரி ஒன்று உருளும்.

வீட்டுக்கு வந்ததும் சமையல் தராசை எடுத்து மேசையில் வைத்தேன். பாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்து ஒரு தாளில் எழுதினேன். ஒரு லீற்றர் உருக்குப் போத்தல் தண்ணீரோடு 1.4 கிலோ. சாப்பாட்டுப் பெட்டி 850 கிராம். இருபது கொப்பி 1.9 கிலோ. குடை, பேர்ஸ், கைப்பேசி, மின்சேமிப்பான், பேனாப் பை எல்லாம் சேர்த்து 1.3 கிலோவுக்குக் கிட்ட. கடைசியில் வெறும் பாக்கை வைத்தேன், 1.15 கிலோ. ஒன்றுமே போடாமல்! அந்த வடிவான வளையங்களையும் தடித்த ரெக்சினையும்தான் நான் தினமும் ஒரு கிலோவுக்கு மேல் சுமந்திருக்கிறேன். மொத்தம் ஆறரைக் கிலோவைத் தாண்டியது. என் நிறை 54 கிலோ. முதுகில் இரண்டு பட்டியோடு சுமக்கும் பிள்ளைகளின் புத்தகப்பைக்கே உடல் நிறையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட என்றுதான் பொதுவாக அளவு சொல்வார்கள். நான் அதைவிடக் கூடிய பாரத்தை ஒற்றைத் தோளில் தூக்கியிருக்கிறேன்.

புதுப் பாக் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன் இந்த நிறுவையைச் செய்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் பட்டியைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை. ஏனென்றால் தோளில் வருவது இரண்டு வேறு வலி, இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது, பட்டி படுகிற இடத்திலேயே வரும் எரிவு. தோல் சிவக்கும், தடம் பதியும், பாக்கைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் குறையும். இது அமுக்கத்தால் வருவது. அதே பாரத்தை ஒன்றேகால் சென்ரிமீற்றர் பட்டியிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் பட்டிக்கு மாற்றினால், தோளில் படும் பரப்பு நாலு மடங்காகும், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் விழும் அமுக்கம் நாலில் ஒன்றாகும். எங்கள் வகுப்புக் கணக்குத்தான். உருட்டித் தைத்த பட்டியில் இன்னொரு கேடு, அது வளைந்திருப்பதால் அதன் முழு அகலமும் தோளில் படாது, ஒரு கோடுதான் படும். சங்கிலிப் பட்டியும் அப்படியே.

இரண்டாவது, கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பு வரை பரவும் மந்தமான இழுவை. பாக்கைக் கழற்றிய பிறகும் போகாது, இரவில்தான் கூடும். இது தசை களைத்ததால் வருவது. பட்டியை எவ்வளவு அகலமாக்கினாலும் இது குறையாது, ஏனென்றால் ஆறரைக் கிலோ ஆறரைக் கிலோதான். இதற்குப் பாரத்தைக் குறைக்க வேண்டும், தோளைத் தூக்க வைக்காத பட்டி வேண்டும். விரல் மரத்தால், கையில் மின்சாரம் பாய்வது மாதிரி இருந்தால், பிடி தளர்ந்தால், பாக் மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காமல் டொக்டரிடம் போய்விடுங்கள்.

எனக்கு இரண்டு வலியும் இருந்தன.

அளவு விசயத்தில் நான் பிடிவாதக்காரி ஆகிவிட்டேன். பழைய பாக்கின் நீளம், உயரம், ஆழத்தைப் பெருக்கிப் பார்த்தேன், 40, 32, 15. பத்தொன்பது லீற்றருக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவு இடம் இருந்தால் அது நிரம்பத்தான் செய்யும். போன கிழமை மழைக்கு எடுத்த இரண்டாவது குடை, திருத்தி முடிந்தும் திருப்பிக் கொடுக்காத கொப்பி, சந்தையில் வாங்கிய அரைக் கிலோ வெண்டிக்காய் எல்லாம் தன்பாட்டில் ஏறிவிடும். இப்போது வைத்திருப்பது 30, 24, 11. எட்டு லீற்றர். கொப்பி கிடையாக வைத்தால் ஐந்தாறு வரும், இருபது வரவே வராது. அதற்காகத்தான் அந்த அளவை எடுத்தேன்.

இந்த மூன்று அளவிலும் கடையில் ஒருவரும் பார்க்காதது ஆழம். அகலத்தையும் உயரத்தையும்தான் பார்ப்போம். ஆனால் பாக் உடம்பிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பதை ஆழம்தான் தீர்மானிக்கிறது. பாரம் இடுப்போடு ஒட்டி நின்றால் தோளுக்குச் சுகம். பதினைந்து சென்ரிமீற்றர் வெளியே துருத்தி நின்றால் அதைச் சமன் செய்ய உடம்பு மறுபக்கம் சரியும். பன்னிரண்டுக்கு மேல் போகாமல் பாருங்கள். அதே காரணத்துக்காகத் தண்ணீர்ப் போத்தலை வெளிப்பக்கச் சிறு பையில் வைக்காமல், உள்ளே உடம்போடு சேரும் பக்கத்தில் நிமிர்த்தி வைக்கிறேன். என் பாக்கின் உட்சுவரில் ஒரு ரப்பர் நாடா தைப்பித்து அதற்குள் செருகியிருக்கிறேன், இல்லாவிட்டால் போத்தல் சரிந்து அடியில் உருளும்.

கொப்பி எங்கே போனது என்று கேட்பீர்கள். சாப்பாட்டுப் பெட்டியோடு சேர்த்து ஒரு சீலைப் பையில் மற்றக் கையில் போகிறது. அது 2.75 கிலோ வரும். பஸ்ஸில் ஏறியதும் அதை இருக்கையில் இருக்கிற யாராவது மடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எங்கள் ரோட்டில் இன்னும் அந்த நல்ல பழக்கம் இருக்கிறது. போத்தலை அரை லீற்றர் ஆக்கினேன், பள்ளிக்கூடத்தில் நிரப்பிக்கொள்கிறேன். போத்தலை விட்டால் தோளில் இப்போது 1.8 கிலோதான், அதில் பாக்கின் சொந்த நிறை 480 கிராம்.

முதுகுப்பைதான் இதைவிட நல்லது என்பதை நான் மறுக்கமாட்டேன். இரண்டு தோளிலும் பாரம் பகிரப்படும், உடம்பு சரியாது. எங்கள் பள்ளிக்கூடத்து இளம் ரீச்சர்மார் இரண்டு பேர் அப்படித்தான் வருகிறார்கள். நானும் ஒரு கிழமை முயன்றேன். சாறித் தலைப்பு மடிப்பு கலைந்தது பெரிய விசயமில்லை. இடது பட்டி நேராக ஊசிக்கு மேல் ஏறியதுதான் தாங்கவில்லை. நெரிசலான பஸ்ஸில் முதுகுக்குப் பின்னால் பாக் இருப்பதும் எனக்குப் பயமாக இருந்தது. சுடிதாரோடு வேலைக்குப் போகிறவர்கள் என்றால் யோசிக்காமல் முதுகுப்பை எடுங்கள்.

பட்டிக்கு வருவோம். குறுக்காகப் போடும் ஒற்றைப் பட்டிதான் என் தெரிவு. ஒரு தோளில் ஏறி, மார்புக்குக் குறுக்கே வந்து, மற்ற இடுப்பில் பாக் நிற்கும். இதன் நன்மை பாரம் குறைவதில் இல்லை, அது குறையாது. பட்டி கழுத்தடியில் தங்கி நிற்பதால் வழுக்கி விழ வழியில்லை, தோளைத் தூக்கத் தேவையில்லை. சாறி உடுத்துகிறவர்கள் வலது தோளில் ஏற்றி இடது இடுப்புக்கு விடவேண்டும். தலைப்பு ஊசி இடது தோளில் இருப்பதால் பட்டி அதைத் தொடவே தொடாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருடம் போயிருக்கிறது! வலது தோள் களைத்தால் பாக்கைக் கழற்றி, பட்டியை மடித்துக் கையில் பிடிப்பேனே தவிர இடது தோளுக்கு மாற்றமாட்டேன். சாறி உடுத்தாத நாட்களில் மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

அகலம் நாலரைச் சென்ரிமீற்றர். நாலுக்குக் குறைந்தால் வெட்டும். ஆறு, ஏழு என்று போனால் நல்லது என்று நினைப்போம், ஆனால் என்னைப் போல ஒடுங்கிய தோள்காரருக்கு அது கழுத்தைத் தேய்க்கும், அல்லது வெளி ஓரம் தோள்முனையில் மடிந்து நிற்கும். பஞ்சு வைத்த பட்டியைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் நசித்துப் பாருங்கள். இரண்டு விரலும் சந்திக்கிற அளவுக்கு அமுங்கினால் அது சில மாதத்தில் தட்டையாகிவிடும். அதைவிட, பஞ்சு இல்லாமல் இறுக்கமாக நெய்த நாடா நல்லது, கார் இருக்கைப் பட்டி மாதிரி. பருத்தி நாடாவோ சொரசொரப்பான நைலோன் நாடாவோ துணியில் பிடித்து நிற்கும். வழவழப்பான ரெக்சின் பட்டி பட்டுச் சாறியிலும் நைலக்ஸ் சாறியிலும் வழுக்கிக்கொண்டே இருக்கும். ரெக்சினுக்கு எங்கள் வெக்கையும் ஈரப்பதமும் ஒத்துவராது என்பதும் ஒன்று, இரண்டு வருடத்துக்குள் பொருக்குப் பொருக்காக உரியத் தொடங்கிவிடும். மார்கழி மழைக்காலத்தில் பருத்திப் பட்டி நனைந்தால் காய ஒரு நாள் எடுக்கும், அதனால் நான் நைலோன் எடுத்தேன்.

நீளம்தான் பலரும் பிழைவிடும் இடம். பாக்கின் மேல்விளிம்பு இடுப்பெலும்பின் உயரத்தில் நிற்க வேண்டும். தொடைக்கு இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் தொடையில் தட்டி ஊஞ்சலாடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தோளில் ஒரு இழுவை விழும். பழைய பாக்கின் குட்டைப் பட்டியில் இதற்கு நேர்மாறான வில்லங்கம். பாக் கமக்கட்டுக்குள் நின்றதால் கையை விலக்கியே வைத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை நகரத்துக்குப் போனேன். இந்த முறை வெறுங்கையோடு போகவில்லை. தோளில் சுமக்கப்போகிற அத்தனை சாமானையும், நிரப்பிய தண்ணீர்ப் போத்தல் உட்பட, ஒரு சீலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். நவீன சந்தைப் பக்கம் ஒரு கடையில் கேட்டேன், "தம்பி, இதுக்குள்ள என்ர சாமானைப் போட்டுப் பார்க்கலாமோ?" பொடியன் கொஞ்சம் யோசித்தான். பிறகு "போடுங்கோ அக்கா, ஊத்துப்படாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்றான். பாக்குக்குள் அடைத்திருந்த காகிதத்தைத் தானே எடுத்தும் தந்தான். வெறும் பாக்கைக் கொழுவிக் கண்ணாடி பார்த்தால் எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். பாரத்தோடு கொழுவினால்தான் அதன் குணம் தெரியும்.

முதலாவதில் பட்டி பாக்கின் முன் முகத்தில் தைக்கப்பட்டிருந்தது. பாரம் ஏறியதும் பாக்கின் வாய் முன்னால் குடைசாய்ந்தது. இரண்டாவதில் பட்டி இரண்டு பக்கச் சுவரிலும் மேலே இருந்தது, பாக் நிமிர்ந்து நின்றது, ஆனால் நீளம் குறைக்கும் வழுக்கு வளையம் பிடிக்கவில்லை. கடைக்குள் நாலு தரம் நடந்ததும் பட்டி இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. இப்படித்தான் காலையில் சரியாக இருக்கிற பாக் பின்னேரம் தொடையில் தட்டும். நாடா மெல்லியதாகவும் வளையத்தின் வாய் அகலமாகவும் இருந்தால் இது நடக்கும். மூன்றாவதைத்தான் எடுத்தேன். அதன் நாடா பக்கச் சுவர் வழியே இறங்கி, அடியைச் சுற்றி மறுபக்கம் ஏறுகிறது. பாரத்தைத் தையல் தாங்கவில்லை, நாடாவே தொட்டில் மாதிரி ஏந்துகிறது. கண்ணாடிக்கு முன் கையைத் தளர விட்டு நின்று இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். குனிந்து நிமிர்ந்தேன். பட்டி அசையவில்லை.

எல்லாருக்கும் அப்படிப்பட்ட பாக் கிடைக்காது. என் பழைய பாக்கே பட்டி மூட்டில் ஒரு தரம் அறுந்து, நடு ரோட்டில் போத்தல் உருண்டது. உருண்டையான ஆணி அடித்து இறுக்கிய மூட்டு அது. பஸ் நிலையத்துக்குக் கிட்ட சப்பாத்துத் தைக்கும் ஐயா அதைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார், "பிள்ளை, ஆணி இருக்குது, அதைப் பிடிச்சிருந்த ரெக்சின்தான் கிழிஞ்சு போச்சு. ஓட்டை போட்ட இடத்தாலதான் எப்பவும் கிழியும்." உட்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு தோல் துண்டை வைத்து, நாடா, ரெக்சின், தோல் மூன்றையும் சேர்த்து ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் அடையாளமும் வருகிற மாதிரி மெழுகு பூசிய நைலோன் நூலால் தைத்தார். அதற்குப் பிறகு அது விடவேயில்லை. புது பாக் வாங்கும்போதும் நான் தேடுவது அந்தச் சதுரத் தையலைத்தான். ஒற்றை வரியில் குறுக்கே தைத்திருந்தால், அந்த பாக் கொப்பி சுமக்க ஆகாது.

புது பாக்கையும் அவரிடம் ஒரு தரம் கொண்டுபோனேன். சாறிக்குச் சரியான நீளத்தைப் பிடித்துக் காட்ட, வளையத்துக்குக் கீழே நாடாவை மடித்து நாலு தையல் போட்டுத் தந்தார். இனி அது இறங்காது. சுடிதாருக்கு வேண்டிய நீளத்தைச் சிவப்பு நூலால் அடையாளம் வைத்திருக்கிறேன்.

வலி ஒரே நாளில் போகவில்லை. சிவந்த தடம் முதல் கிழமையிலேயே மறைந்தது, கழுத்து இழுவைக்கு இரண்டு மாதத்துக்குக் கிட்ட எடுத்தது. இயன்மருத்துவர் சொன்ன பயிற்சிகளையும் செய்தேன். தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள் கட்டு வருகிற நாட்களில் எந்த பாக்கும் போதாது. அன்றைக்கு அதைத் தோளில் ஏற்றுவதே இல்லை, மகன் ஸ்கூட்டியோடு பஸ் தரிப்பிடத்துக்கு வருவான், கட்டுக் கால்மிதிப் பலகையில் போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போத்தலை எடுத்துவிட்டு, பாக்கையும் உள்ளே இருப்பதையும் கவிழ்த்துக் கொட்டி, தராசில் வைத்துப் பார்க்கிறேன். போன கிழமை 2.3 கிலோ காட்டியது. தேடினால், அடியில் ஒரு பை நிறையச் சில்லறையும், போன தவணை ஒரு பிள்ளையிடம் வாங்கி வைத்த உலோகக் கவராயப் பெட்டியும்.